கொழும்பு ஒரு நாளைக்குக் குடிக்கும் தேத்தண்ணீர்

எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் போன மாதம் ஒரு கேள்வி கேட்டேன். கொழும்பு நகரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தேத்தண்ணீர் குடிப்பார்கள்? ஒருவன் ஒரு லட்சம் என்றான், இன்னொருத்தி ஒரு கோடி என்றாள். யாரும் எண்ணிப் பார்த்து வைத்திருக்கும் விஷயமில்லை. ஆனால் எண்ணாமலேயே ஓரளவு கிட்டப் போகலாம். இத்தாலியில் பிறந்த பெர்மி என்ற விஞ்ஞானி இப்படிக் கணக்குப் போடுவதில் பேர்போனவர். பெரிய கேள்வியை, நமக்குத் தெரிந்த சின்னச் சின்னக் கேள்விகளாக உடைப்பதுதான் அவர் வழி.

உடைத்துப் பார்த்தோம். கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் குடியிருப்பவர்கள் கிட்டத்தட்ட ஆறு லட்சம் பேர். அதோடு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கந்தோர் காரியத்துக்கும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து மாலையில் திரும்புகிறவர்களை ஐந்து லட்சம் என்று வைத்தோம். குடியிருப்பவருக்கு, சிறு பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி இரண்டரைக் கோப்பை. வந்து போகிறவருக்கு நகரத்துக்குள் இரண்டு. முதலாவது பதினைந்து லட்சம், இரண்டாவது பத்து லட்சம். ஆக இருபத்தைந்து லட்சம் கோப்பை.

இங்கேயே நிறுத்தினால் அது வெறும் ஊகம். வேறு பக்கத்திலிருந்து போய்ச் சரிபார்க்க வேண்டும். இலங்கையர் எல்லோருமாக வருடத்துக்குக் குடிக்கும் தேயிலைத்தூள் இரண்டரைக் கோடியிலிருந்து மூன்று கோடி கிலோ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு கோடியே இருபது லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு வருடம் ஒன்றேகால் கிலோ, நாளைக்கு மூன்றரைக் கிராம் அளவில் வரும். கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால் ஒன்றே முக்கால் கோப்பைதான். நாங்கள் போட்ட இரண்டரை கூடிப்போய்விட்டது. நாடு முழுதுக்குமான சராசரியையே வைத்து, வந்து போகிறவர்களுக்கும் ஒரு கோப்பை என்று குறைத்தால் பதினைந்து லட்சம்தான் தேறும். ஆனால் சாப்பாட்டுக் கடைகளில் ஒரே தூளில் இரண்டு மூன்று தடவை சுடுதண்ணீர் ஊற்றுவதையும் பார்த்திருக்கிறோம். அங்கே இரண்டு கிராம் எங்கே போகிறது! அதனால் இரண்டுக்கும் நடுவில் இருபது லட்சம் என்று முடிவு செய்தோம்.

இனி அந்தக் கோப்பையிலிருந்து மலைக்குத் திரும்புவோம். இருபது லட்சம் கோப்பைக்கு நாலாயிரம் கிலோ தூள் வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மழை நாளில் இன்னும் கூட, அதைச் சொல்லித்தானே நிறுவையில் நமக்குக் கழிக்கிறார்கள். ஆக பதினெட்டாயிரம் கிலோ கொழுந்து. பேர் போட பதினெட்டுக் கிலோ என்று வைத்தால், இதைப் பறிக்க ஆயிரம் பேர் போதும். தலைநகரம் முழுதும் ஒரு நாள் குடிப்பதை ஆயிரம் பெண்கள் ஒரு நாளில் பறித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் நம்பவில்லை. நானும் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன்.

நகரத்தின் கணக்கு இருபது லட்சமோ பதினைந்து லட்சமோ, அது பிழைத்தாலும் ஒன்று மாறாது. பதினெட்டுக் கிலோ கொழுந்து நாலு கிலோ தூளாகும். நாலு கிலோ தூள் இரண்டாயிரம் கோப்பையாகும். அதாவது ஒரு பேர் என்பது இரண்டாயிரம் கோப்பை.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. கொடுப்பனவுகளையும் சேமலாப நிதியையும் விட்டுவிட்டு அதை மட்டும் இரண்டாயிரத்தால் பிரித்தால், கோப்பைக்கு அறுபத்தேழு சதம். ஒரு ரூபா கூட இல்லை. அந்த பிளேன்டீயை எந்த விலைக்கு விற்கிறார்கள் என்று கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கும் நம் பையன்களுக்குத் தெரியும்.

கடைக்காரருக்குச் சீனியும் காஸும் வாடகையும் உண்டு, அதை மறுக்கவில்லை. கொழுந்து பறிப்பவர் மட்டும் தேயிலை செய்வதுமில்லை. மருந்தடிப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், பக்டரியில் நிற்பவர் கூலியும் சேரும். சம்பளத்தை இருநூறு ரூபா கூட்டினால் ஒரு கிலோ தூளுக்கு ஐம்பது ரூபா ஏறும் என்று கம்பனிக்காரர் சொன்னால் அதுவும் பொய்யில்லை, பறிப்புக் கூலியில் மட்டும் அவ்வளவு ஏறும். ஆனால் அதே இருநூறு ரூபா கோப்பைக்குப் பத்துச் சதம். சம்பளப் பேச்சுவார்த்தையில் எப்போதும் கிலோக் கணக்கு மட்டும்தான் மேசைக்கு வருகிறது. கோப்பைக் கணக்கையும் நம் பக்கத்திலிருந்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏலத்தில் விற்ற கிலோவுக்கும் மேசையில் வைத்த கோப்பைக்கும் இடையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்வி அப்போதுதான் வெளியே வரும்.

அந்த மேசையில் வைக்க நம் கணக்கு இன்னும் உறுதியாக வேண்டும். இதில் மிகவும் ஆட்டமான எண் அந்த இரண்டு கிராம்தான். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் உங்கள் பிள்ளைகளோ தம்பிமாரோ வேலை செய்தால், தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒரு கிலோ டஸ்ட் பக்கெட்டில் அவர்கள் கடையில் எத்தனை கோப்பை போடுகிறார்கள்? பதிலை உங்கள் தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தால், அடுத்த இதழுக்குள் கணக்கைத் திருத்திப் போடுகிறேன்.