சாவி யாரிடம்?

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்த பாலிசிப் பத்திரங்களெல்லாம் மின்னணுக் காப்பீட்டுக் கணக்குக்குக் குடிபெயர்கின்றன. நல்லதுதான், கட்டணமும் கிடையாது. ஆனால் தெரிந்த வீடொன்றில் குடும்பத்தலைவர் தவறிப்போனதும், அவருடைய செல்பேசி இணைப்பை மகன் முதல் வேலையாகத் துண்டித்துவிட்டான். கணக்குக்குள் நுழைய ஓடிபி வரவேண்டியது அந்த எண்ணுக்குத்தான்! எந்த நிறுவனத்தில் என்ன பாலிசி என்று அறிய, வங்கிக் கணக்கில் பிரீமியம் பிடித்த வரிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இதற்கென்றே கணக்கு தொடங்கும் படிவத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி’ என்றொரு கட்டம் இருக்கிறது. பலர் அதை ஏதோ சம்பிரதாயம்போல் கடந்துவிடுகிறார்கள். கணக்குதாரர் இறந்தாலோ செயலிழந்தாலோ அந்தப் பிரதிநிதி கணக்கை அணுகி விவரம் பெறலாம். பணம் மட்டும் அவருக்கு வராது. அது ஒவ்வொரு பாலிசியிலும் பதிவான நாமினிக்குரியது. இருவரும் ஒருவராகவே இருந்துவிட்டால் அலைச்சல் குறையும். இன்னொன்று, கணக்கு தொடங்கினால் பழைய காகித பாலிசிகள் தாமாக அதில் ஏறிவிடாது. மாற்றித் தரும்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக எடுத்ததை மட்டும் திரையில் பார்த்து நிம்மதியானவர்கள், இருபது வருடத்துப் பாலிசி இன்னும் பீரோவிலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.