பரிந்துரைக்கு ஒரு முகவரி வேண்டும்

மூன்று நாள் பயிலரங்கு முடிந்ததும் வெளிவரும் அறிக்கைகளை ஓய்வுக்குப் பிறகும் விடாமல் படிக்கிறேன். பெரும்பாலானவற்றில் யார் வரவேற்றார், யார் பொன்னாடை போர்த்தினார் என்பது விரிவாக இருக்கிறது. என்ன முடிவாயிற்று என்பதைத் தேட வேண்டியிருக்கிறது.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டத்தில் தீர்மானித்ததைச் சான்றாக எழுதி வைப்பது 'புரோசே வெர்பால்'. நடந்ததைச் சுருக்கிச் சொல்வது 'கோந்த் ராந்த்யு'. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். அதனால் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது சபையின் தீர்மானமாகிவிடுகிறது.

எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையிலுள்ள குளங்களைப் பற்றி மூன்று நாள் பயிலரங்கு நடப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் நான்காம் அமர்வில் ஒரு பொறியாளர், வண்டல் சேர்ந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர், அளவுக்கு மீறித் தோண்டினால் அடியிலுள்ள களிமண்ணும் போய்விடும், தண்ணீர் நிற்காது என்கிறார். இருவர் சொல்வதும் சரிதான். அறிக்கையிலோ, 'குளங்களைத் தூர்வார நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்' என்று ஒரே வரி. பெரியவரின் எச்சரிக்கை காணாமல் போயிற்று. நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார் என்பதும் இல்லை.

நான் அதை மூன்றாகப் பிரித்து எழுதுவேன். ஒப்புக்கொண்டது: வண்டல் சேர்ந்திருக்கிறது. ஒப்புக்கொள்ளாதது: எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பது. பரிந்துரை: தூர்வாருமுன் களிமண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று நீர்வளத்துறை குழி வெட்டிப் பார்த்து, கோடைக்குள் சொல்ல வேண்டும் (நாள் 2, அமர்வு 4). கடைசியில் இருக்கும் அந்த அடைப்புக்குறிதான் பரிந்துரையின் முகவரி. எந்த அமர்வில் எழுந்தது என்று எண் போட முடியாத பரிந்துரை, அறிக்கை எழுதியவரின் சொந்தச் சரக்கு. அதை அடித்துவிடலாம்.

இதற்கு அமர்வு முடிந்த அன்று மாலையே அரைப் பக்கம் எழுதி, அமர்வுத் தலைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மூன்றாம் நாள் முடிந்தபின் உட்கார்ந்தால், கடைசியாகப் பேசியவரும் உரக்கப் பேசியவரும்தான் நினைவில் நிற்பார்கள்.

இன்னொன்று, கால தாமதம். 1970-இல் பாரிசில் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. தனிநாயகம் அடிகளும் பிரான்சுவா குரோவும் பதிப்பித்த அதன் தொகுப்பைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1973-இல் வெளியிட்டது. அது ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு, மூன்று ஆண்டு கழித்து வந்தாலும் மதிப்புக் குறையாது. குளத்துப் பரிந்துரை அப்படியல்ல. ஒரு மழைக்காலம் தாண்டினால் செத்துப்போகும்.

ஆகவே இரண்டையும் ஒரே அட்டைக்குள் கட்டக் கூடாது என்பது என் கட்சி. பரிந்துரைகளை நான்கே பக்கத்தில் பதினைந்து நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். கட்டுரைகளும் புகைப்படங்களும் கொண்ட தடித்த புத்தகம் நிதானமாக வரட்டும். பொன்னாடைக்கு அதில் இடமுண்டு.