கண்ணில் குளோரின் பட்டால் முதலில் பைப்படி, பிறகுதான் த்ரீவீல்



2016 மே மாதம் களனி கங்கை பெருகி வடிந்த பிறகு வீடு கழுவியவர்களுக்கு அந்த வாசம் இன்னும் மறந்திருக்காது. சேற்று நாற்றம், அதற்கு மேல் குளோரின். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நாங்கள் வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைக்கிறோம், கிணற்றுக்குப் போடுகிறோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அது கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்: "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடணும்."

அந்த வரிசை பிழை. களனியிலிருந்து கொழும்பு கண் ஆஸ்பத்திரிக்கு ட்ரஃபிக்கில் முக்கால் மணி நேரம் போகும் என்று வையுங்கள். கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு பிள்ளை த்ரீவீலில் இருக்கும் அந்த முக்கால் மணி நேரமும் மருந்து கண்ணுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். அங்கே போனதும் முதலில் செய்யப்போவதும் கழுவுவதுதான். வீட்டுப் பைப்பில் முதல் நிமிடத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய வேலையை ஏன் பத்து கிலோமீற்றர் தள்ளிப் போய்த் தொடங்க வேண்டும்?

பிளீச்சிங் பவுடரில் குளோரின் மட்டுமல்ல, சுண்ணாம்பும் இருக்கிறது. கரைத்தால் அது காரம். பெரும்பாலான அமிலங்கள் பட்டால் கண்ணின் மேற்படை முட்டை வெந்தது போல இறுகி, ஓரளவுக்கு உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். காரம் அப்படி நிற்காது. கலங்களின் கொழுப்பைச் சவர்க்காரம் போல ஆக்கிக்கொண்டு ஆழமாக இறங்கும். சுண்ணாம்பு இன்னும் மோசம். அதன் துணுக்கு மேல் இமைக்கடியில் ஒட்டியிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கண்ணுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் வுழூவில் முகம் கழுவுவது போல மூன்று தரம் தண்ணீர் அள்ளி அடித்துவிட்டு "கழுவியாச்சு" என்று சொன்னால் போதாது. குறைந்தது 20 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். நிமிடத்துக்கு அரை லீற்றர் என்றாலும் 20 நிமிடத்துக்கு 10 லீற்றர் வேண்டும், ஒரு கோப்பைத் தண்ணீர் காணாது. பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடும்படி மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். அப்போதுதான் மற்றக் கண்ணுக்குப் போகாது. எரிச்சலில் பிள்ளை கண்ணைத் திறக்காது. ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரண்டு இமைகளையும் விரலால் விரித்துப் பிடிக்க வேண்டும். மேலே, கீழே, இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிவாசலில் வுழூ எடுக்கும் பைப் வரிசை இதற்கு நல்ல இடம். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பைப் தண்ணீர் அல்லது குடிக்கும் போத்தல் தண்ணீர் எடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் இருப்பதில் சுத்தமானதை எடுங்கள், தேடி நிற்க வேண்டாம்.

இனி, படித்தவர்கள் சொல்லும் இரண்டு கதைகள்.

ஒன்று: "காரத்துக்கு அமிலம், ஆகவே தேசிக்காய்ப் புளி விடு, வினாகிரி விடு." நடுநிலையாக்கம் சோதனைக் குழாய்க்குச் சரி. கண்ணுக்குள் அது வெப்பத்தையும் இரண்டாவது காயத்தையும்தான் தரும். தாய்ப்பால், பன்னீர், ஆமணக்கெண்ணெய் எல்லாம் கழுவ வேண்டிய நேரத்தைத் தின்கின்றன.

இரண்டு: "சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும், தண்ணீர் விடாதே." கண்ணில் ஏற்கெனவே கண்ணீர் இருக்கிறது, கொதிப்பதானால் அதிலேயே கொதித்துவிடும். கொஞ்சத் தண்ணீரில்தான் சூடு தேங்கும். நிறைய ஓடும் தண்ணீர் சூட்டையும் சுண்ணாம்பையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். முகத்திலும் கண்ணிமை மயிரிலும் உள்ள தூளை ஒரே துடையில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு உடனே தண்ணீருக்குப் போங்கள். இமைக்குள் கட்டி தெரிந்தால் நனைந்த பஞ்சால் எடுங்கள். கசக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் நம்பாதீர்கள்: "கண் சிவக்கல்ல, வெள்ளையாத்தான் இருக்கு, பயமில்ல." கடுமையாக எரிந்த கண்ணில் இரத்தக் குழாய்களே அடைபட்டுப் போகும், அதனால்தான் அது வெளுத்து நிற்கும். நோவு குறைந்ததும் நல்ல அடையாளமல்ல. கருவிழி மங்கலாகத் தெரிந்தால் நிலைமை பாரதூரம்.

கழுவுவது ஆஸ்பத்திரிக்குப் பதிலல்ல. ஒருவர் கழுவும்போதே இன்னொருவர் 1990 சுவசெரியவுக்கு அழைக்கட்டும். போகும் வழியிலும் போத்தலால் தண்ணீர் விட்டுக்கொண்டே போங்கள். பட்ட மருந்தின் போத்தலையும் கையில் கொண்டு போங்கள். அங்கே இமையைப் பிரட்டித் துணுக்கு தேடுவார்கள், லிட்மஸ் போன்ற தாளை வைத்துக் கண்ணில் காரம் போய்விட்டதா என்று பார்ப்பார்கள், போகாவிட்டால் திரும்பவும் கழுவுவார்கள். அந்த வேலை அவர்களுடையது. முதல் அரை மணி நேரம் எங்களுடையது, அதை யாரும் எங்களுக்குப் பதிலாகச் செய்ய முடியாது.

அடுத்த தரம் சிரமதானத்துக்கு வாளியும் பவுடரும் தூக்குவதற்கு முன்னால், எந்தப் பைப்பில் தண்ணீர் வருகிறது என்று பார்த்து வையுங்கள். பைப் இல்லாவிட்டால் 20 லீற்றர் நல்ல தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பக்கெட்டின் மூடியைத் திறக்க வேண்டும்.