எம்.ஐ.டி. விதி: காமாவைச் சிறிதாக வைத்தால் போதுமா?

அடாப்டிவ் கன்ட்ரோல் பாடத்தில் முதலில் வருவது எம்.ஐ.டி. விதி. 1950களின் கடைசியில் எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வகத்தில், விமானக் கட்டுப்பாட்டுக்காக உருவானது. இதைப் படிப்பவர்கள் மனதில் தங்குவது ஒரே அறிவுரைதான்: "காமாவைச் சிறிதாக வை". இந்த அறிவுரை அரைகுறை. எதோடு ஒப்பிடும்போது சிறியது என்று அது சொல்வதில்லை.

மிக எளிய கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளான்ட் k·G(s). இதில் G தெரியும். K தெரியாது, அது பாசிட்டிவ் என்பது மட்டும் தெரியும். மாடல் k0·G(s). கன்ட்ரோலர் ஒரு பெருக்கல்தான்: u = θ·uc. தீட்டா k0/k ஆகிவிட்டால் பிளான்ட் மாடலைப் போலவே நடக்கும். பிழை e = y − ym. அதன் வர்க்கம் குறையும் திசையில், அதாவது கிரேடியன்டுக்கு எதிராக, தீட்டாவை நகர்த்தினால் கிடைக்கும் விதி:

```
dθ/dt = −γ · ym · e
```

தெரியாத k காமாவுக்குள் கரைந்துவிடுகிறது. அழகான விதிதான். ஆனால் பிழை குறையும் திசையில் தள்ளுவது வேறு, முழுச் சுற்றும் ஸ்டேபிளாக இருப்பது வேறு. G-க்குள் தாமதம் இருப்பதால், இப்போது தெரியும் பிழை சற்று முன்பிருந்த தீட்டாவின் விளைவு.

G = 1/(s²+s+1), k = 2, k0 = 1, γ = 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை uc மாறாமல் இருந்தால் ym கடைசியில் uc-க்குச் சமமாகிவிடும். அப்போது முழுச் சுற்றின் சமன்பாடு:

```
s³ + s² + s + μ = 0,   μ = γ·k·uc·ym = 0.2·uc²
```

ரூத் சோதனைப்படி μ 1-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். uc = 1 என்றால் μ = 0.2, நிதானமாகச் சரியாகிவிடும். uc = 2 என்றால் 0.8, ஆடி ஆடி அடங்கும். uc = 3 என்றால் 1.8, ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். காமா மாறவில்லை, பிளான்ட் மாறவில்லை. மாறியது கட்டளையின் அளவு மட்டுமே, அதுவும் வர்க்கமாக உள்ளே வருகிறது. மறுபுறம் uc = 0.1 என்றால் μ = 0.002, தீட்டா நகர்வதே தெரியாது. சிறிய கட்டளையில் மட்டும் சிமுலேஷன் ஓட்டியவர் "வேலை செய்கிறது" என்று மூடிவைத்துவிடுவார்.

பாதி மருந்து, நார்மலைஸ் செய்வது:

```
dθ/dt = −γ · ym · e / (α + ym²)
```

இங்கே α சிறிய பாசிட்டிவ் எண். இப்போது கட்டளை எவ்வளவு பெரிதானாலும் μ, γ·k-ஐத் தாண்டாது. இந்தக் கணக்கில் 0.2. ஆனால் k இன்னும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் உச்ச வரம்பாவது தெரியாமல் காமாவைத் தேர்ந்தெடுக்க முடியாது.

1966-ல் பார்க்ஸ், லியாபுனோவ் முறையில் விதியை மாற்றி எழுதியதற்குக் காரணமே இந்த ஓட்டைதான். ym இருக்கும் இடத்தில் uc போடும் அந்த எளிய வடிவமும் எல்லா G-க்கும் பொருந்தாது. மேலே உள்ள இரண்டாம் வரிசை G-க்கு, மாறாத கட்டளையில், அதே μ-தான் திரும்ப வரும்.

ஆகவே பாடத்தில் எழுத வேண்டியது "காமா சிறிதாக" என்பதல்ல, "காமா, k, கட்டளையின் வர்க்கம் மூன்றும் சேர்ந்த பெருக்கல் சிறிதாக" என்பதே.