அறிவிப்புக்கு அதிகாரம் தருவது கடுந்தமிழ் அல்ல

எச்.ஆர். பிரிவுகளிலும், அவற்றுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவர்களிடமும் ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது. விதிமாற்றத்தை ஊழியர்களுக்கு அறிவிக்கும் சுற்றறிக்கை கனமான தமிழில் இருக்க வேண்டும். ஆங்கில மூலத்தின் வாக்கியம் கலையாமல் வர வேண்டும். எளிமையாக்கினால் கம்பீரமும் போகும், சட்டப் பாதுகாப்பும் போகும் என்பதே அது. இந்தக் கருத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலை, வேலைக்குத் தாமதமாக வருவோர் பற்றிய விதியை மாற்றுகிறது. ஆங்கில மூலம் ஒரே வாக்கியம். அதைத் தமிழாக்குவோர் வழக்கமாகத் தருவது இப்படி இருக்கும்:

“01.10.2025 முதல் அமலுக்கு வரும் வகையில், முன் அனுமதி பெறப்பட்டிருந்தாலன்றி, ஒரு நாட்காட்டி மாதத்தில் மூன்றுக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் பத்து நிமிடச் சலுகைக் காலத்திற்குப் பின்னர் பணிக்கு அறிக்கை செய்யும் ஊழியர்கள், தங்களது விடுப்புக் கணக்கிலிருந்து அரை நாள் விடுப்பு கழிக்கப்படுவதற்குப் பொறுப்பாவார்கள் என்பதும், விடுப்பு இருப்பு இல்லாத பட்சத்தில் அது நிர்வாகத்தின் விருப்புரிமையின்படி ஊதிய இழப்பாகக் கருதப்படலாம் என்பதும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.”

“கனமான நடைதான் அதிகாரத்தைக் காட்டும்”

முதல் காரணம் இது. ஒரு சுற்றறிக்கையைக் கையில் வாங்குபவர் அதை ஏன் மதிக்கிறார் என்று யோசித்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். அதில் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்திட்டவரின் பதவி இருக்கிறது. யாருக்குப் பொருந்தும், எந்த நாளிலிருந்து, மீறினால் என்ன ஆகும், இதற்கு முன் வந்த எந்தச் சுற்றறிக்கை இனி செல்லாது என்பவையெல்லாம் இருக்கின்றன. அதிகாரம் இவற்றில்தான் இருக்கிறது. மேலே கண்ட வாக்கியத்தில் “இதன்மூலம்” இருக்கிறது. ஆனால் பழைய விதி என்னவானது என்ற செய்தி இல்லை. “12.3.2021 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த அறிவிப்புடன் ரத்தாகிறது” என்ற ஒரு வரி, ஐந்து “இதன்மூலம்” செய்யாத வேலையைச் செய்யும்.

தேதிக்குச் சட்டத்திலேயே எடை உண்டு. வேலை நேரம், ஓய்வு இடைவேளை, சம்பளத்துடன் கூடிய விடுப்பு போன்றவற்றில் தொழிலாளர்களைப் பாதிக்கும் மாற்றம் கொண்டுவர 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 9ஏ பிரிவில் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பிலும், 40ஆம் பிரிவில், அதே 21 நாள் இருக்கிறது. ஆகவே அறிவித்த நாளும் நடைமுறைக்கு வரும் நாளும் தலைப்புக்கு அடியிலேயே, தனித்தனி வரியில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அவற்றை நீண்ட வாக்கியத்தின் எச்சத்துக்குள் புதைப்பதில் என்ன கம்பீரம்?

செயப்பாட்டு வினையையே விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்பவர் நிர்வாகம் என்பது வெளிப்படையாக இருக்கும்போது “கழிக்கப்படும்” என்பது நல்ல தமிழே. யார் அனுமதி தர வேண்டும் என்பதே கேள்வியாக இருக்கும்போது “அனுமதி பெறப்பட்டிருந்தாலன்றி” என்று நிறுத்துவதுதான் குற்றம். சூப்பர்வைசரா, ஷிப்ட் இன்சார்ஜா, மேலாளரா? காலையில் பஸ் கிடைக்காமல் நிற்பவருக்கு யாருக்குப் போன் செய்வது என்று தெரிய வேண்டும்.

“வாக்கியத்தைப் பிரித்தால் பொருள் மாறிவிடும்”

மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும். விதிவிலக்குகள் அதன்பின் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். தமிழில் வினை கடைசியில். அதே நீளத்தில் ஒரே வாக்கியமாக்கினால், எல்லா நிபந்தனைகளையும் சுமந்துகொண்டு படிப்பவர் முடிவுவரை நடக்க வேண்டும். எந்த நிபந்தனை எதைச் சேர்ந்தது என்பது நடுவழியில் நழுவிவிடும்.

சோதித்துப் பார்க்கலாம். ஒரு தொழிலாளி அக்டோபர் 3, 9, 14, 20, 27 ஆகிய ஐந்து நாட்கள் பதினைந்து நிமிடம் தாமதமாக வருகிறார். 14ஆம் தேதிக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கிறார். எவ்வளவு விடுப்பு கழியும்? அந்தக் கனமான வாக்கியத்தைப் படித்தவர்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். அனுமதி பெற்ற நாளும் எண்ணிக்கையில் சேரும் என்று கொண்டால் 20, 27 இரண்டும் வரம்பைத் தாண்டுகின்றன; ஒரு நாள் விடுப்பு போகிறது. வரம்பு தாண்டினால் மாதத்துக்கு ஒரே ஒரு அரை நாள்தான் என்று கொண்டால் அரை நாள். ஒருமுறை அனுமதி வாங்கியவருக்கு அந்த மாதம் முழுக்க விதி பொருந்தாது என்று வாதிடவும் அந்த “அன்றி” இடம் தருகிறது. அப்படியானால் ஒன்றும் கழியாது.

இந்த ஐயம் ஆங்கில மூலத்திலேயே இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மொழிபெயர்ப்பாளர் அதை ஊகித்துத் தீர்க்கக் கூடாது. மூடி மறைக்கவும் கூடாது. எச்.ஆரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பதில் வந்தபின் தமிழ் இப்படி அமையும்:

“1.10.2025 முதல், வேலைக்குத் தாமதமாக வருவது பற்றிய விதி மாறுகிறது.
1. ஷிப்ட் தொடங்கி 10 நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதம் ஆகாது.
2. அதன்பின் வருவது, ஒரு மாதத்தில் மூன்று முறை வரை பொறுத்துக்கொள்ளப்படும். நான்காவது முறை முதல், ஒவ்வொரு முறைக்கும் அரை நாள் விடுப்பு கழிக்கப்படும். மாதம் என்பது 1ஆம் தேதி முதல் அந்த மாதத்தின் கடைசித் தேதி வரை.
3. பிரிவு மேலாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்ற நாள் இந்த எண்ணிக்கையில் சேராது.
4. விடுப்பு மீதம் இல்லாதவருக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்தம் செய்ய நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு.”

இப்போது கணக்கு ஒன்றுதான் வரும். 3, 9, 20 ஆகியவை மூன்று முறை. 27ஆம் தேதி நான்காவது முறை. அரை நாள் கழியும். மூலத்தில் இருந்த ஒரு நிபந்தனைகூட விடுபடவில்லை. உடைந்தது வாக்கியம் மட்டுமே.

நான்காவது விதியில் “பிடித்தம் செய்யப்படலாம்” என்று போடாததற்கும் காரணம் இருக்கிறது. ஆங்கிலச் சட்ட நடையில் ‘மே’ என்பது அதிகாரத்தைத் தருகிறது. ‘ஷல்’ கட்டாயத்தைச் சொல்கிறது. நம் காதில் “படலாம்” என்பது “ஒருவேளை நடக்கும்” என்றே விழும். மழை பெய்யலாம் என்பதுபோலத்தான் அது. அதிகாரம் என்றால் “அதிகாரம் உண்டு”, கட்டாயம் என்றால் “வேண்டும்”, தடை என்றால் “கூடாது” என்று எழுதிவிட்டால் ஐயம் எழாது. கடைசி நாளிலும் இதே கவனம் தேவை. “15ஆம் தேதிக்குள்” என்றால் 15 சேருமா சேராதா என்று சண்டை வரும். “15ஆம் தேதி மாலை 5 மணிக்குள்” என்றால் வராது.

“தெளிவாக எழுதினால் நிர்வாகம் மாட்டிக்கொள்ளும்”

இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் பலருடைய தயக்கத்துக்கு அடியில் இருப்பது இதுதான். மேலே உள்ள நான்காவது விதியையே எடுத்துக்கொள்வோம். தெளிவாக எழுதியவுடன் அது கண்ணை உறுத்துகிறது: பதினைந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளமா?

1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், அதன் 9ஆம் பிரிவில், வேலைக்கு வராத நேரத்துக்கான பிடித்தம் அந்த நேரத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும் அதையே தொடர்கிறது. தினம் 800 ரூபாய், எட்டு மணி நேர வேலை என்றால், பதினைந்து நிமிடம் என்பது அதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, 25 ரூபாய். பிடிக்கப்போவதோ 400 ரூபாய். “ஊதிய இழப்பாகக் கருதப்படலாம்” என்ற மூடுபனிக்குள் இது தெரியவில்லை. தெளிவான தமிழ் இதை அச்சுக்குப் போகும் முன்பே காட்டிக்கொடுத்தது. அந்த விதியை மொழிபெயர்ப்பாளர் திருத்த முடியாது. குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பலாம், சட்ட ஆலோசகர் பார்த்துக்கொள்வார். நோட்டீஸ் போர்டில் ஏறி, சம்பளம் பிடிக்கப்பட்டு, தொழிலாளர் துறைக்குப் புகார் போனபின் தெரிவதைவிட இது மேல் அல்லவா? மங்கலான வாசகம் நிர்வாகத்தைக் காப்பதில்லை. சிக்கலைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

“தமிழ் வடிவம் ஒரு மரியாதைக்குத்தான், செல்லுவது ஆங்கிலம்”

பல சுற்றறிக்கைகளின் அடியில் “முரண்பாடு எழுந்தால் ஆங்கில வடிவமே செல்லும்” என்ற வரி இருக்கும். அதை நம்பித் தமிழை ஏனோதானோ என்று விடுகிறார்கள். சட்டத்தின் போக்கு அப்படி இருந்ததில்லை. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், அவர்கள் நுழையும் வாயிலருகே தனிப் பலகையில் ஒட்டச் சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், தான் கோரும் அறிவிப்புகளுக்கு 108ஆம் பிரிவில் இதே இரு மொழி விதியை வைத்தது. அங்கே சொல்லப்பட்டது மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தால் போதும் என்பதல்ல. புரியும் மொழி என்பது.

உள்விசாரணையில் ஒரு தொழிலாளி “எனக்கு இப்படித்தான் புரிந்தது” என்று தமிழ் நோட்டீஸைக் காட்டினால், ஆங்கிலம்தான் செல்லும் என்ற வரி நிர்வாகத்துக்குப் பெரிய ஆறுதல் தராது. அவர் படிக்க முடியாத ஒன்றைக் கொண்டு அவரைக் குற்றவாளியாக்குகிறோம் என்றே அது காட்டும்.

“பேச்சுவழக்குச் சொற்கள் தரத்தைக் குறைக்கும்”

இது சிறிய வாதம், சுருக்கமாகவே முடித்துவிடலாம். கேன்டீன் வரிசையில் “ஷிப்ட்”, “ஓவர்டைம்”, “பி.எஃப்.” என்று பேசுபவர்களுக்குச் “சுழற்பணிமுறை”, “வருங்கால வைப்பு நிதி” என்று மட்டும் எழுதினால், சம்பளச் சீட்டில் இருப்பதும் அறிவிப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்ற குழப்பம்தான் மிஞ்சும். சம்பளச் சீட்டிலும் விடுப்பு விண்ணப்பத்திலும் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே அறிவிப்பிலும் வையுங்கள். முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை அதை மாற்றாதீர்கள். ஒரு பத்தியில் “விடுப்பு”, அடுத்த பத்தியில் “விடுமுறை” என்று அழகுக்காக மாற்றினால், ஊழியர் அவற்றை இரண்டு வெவ்வேறு விஷயங்களாகத்தான் எடுத்துக்கொள்வார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எச்.ஆர். பிரிவுகளுக்கு நான் சொல்வது இதுதான். தமிழ் வடிவத்தில் கையெழுத்திடும் முன், அந்த விதி பொருந்தும் இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்து, அக்டோபர் கணக்கைப் போன்ற ஒரு கணக்கைக் கேளுங்கள். இருவரும் ஒரே விடை சொன்னால் ஒட்டலாம். விடை மாறினால், அது எவ்வளவு கனமான தமிழாக இருந்தாலும், விதி இன்னும் அறிவிக்கப்படவில்லை என்றுதான் பொருள்.