வரவு செலவு போடும் முன் கோடு போடுங்கள்

கேள்வி: மூன்று ஆண்டு குத்தகை நிலத்தில் பாகலுக்குப் பந்தல் போட 1,00,000 ரூபாய் ஆகும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குகிறேன். விதை, உரம், கூலி போக ஆண்டுக்கு 40,000 நிற்கும். வட்டி போக 9,500 மிஞ்சும் என்று என் மகன் கணக்குப் போட்டிருக்கிறான். இறங்கலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் மகன் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். கூட்டல் கழித்தல் சரிதான், காலம்தான் தவறிவிட்டது. 'முதல் ஆண்டு' என்ற ஒரே கட்டத்தில் 1,00,000 செலவையும் 40,000 வரவையும் எழுதி, பாக்கி 60,000 என்று போட்டிருக்கிறார். வட்டியை இரண்டாம் ஆண்டிலிருந்துதான் கணக்கிட்டிருக்கிறார். கம்பும் கம்பியும் வாங்கும் நாளிலேயே வட்டி ஓடத் தொடங்கிவிடுமே!

ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு 0, 1, 2, 3 என்று நான்கு புள்ளி வையுங்கள். 0 என்பது பணம் கையைவிட்டுப் போகும் நாள். 1 என்பது முதல் ஆண்டு முடியும் நாள். செலவை 0-க்குக் கீழேயும், 40,000 வரவை 1, 2, 3-க்கு மேலேயும் எழுதுங்கள். இப்போது ஒவ்வொரு புள்ளியாக நடந்து வாருங்கள்.

புள்ளி 0: கடன் 1,00,000.
புள்ளி 1: வட்டியோடு 1,12,000. வரவு போகப் பாக்கி 72,000.
புள்ளி 2: வட்டியோடு 80,640. பாக்கி 40,640.
புள்ளி 3: வட்டியோடு சுமார் 45,517. பாக்கி 5,517.

குத்தகை முடியும்போது 9,500 மிஞ்சாது. 5,517 கடன் நிற்கும். செலவு ஒரு புள்ளி தள்ளிப் போனதால் நட்டம் லாபமாகத் தெரிந்திருக்கிறது.

"பாகல் ஆண்டுக்கு இரண்டு முறை வருமே, வரவு முன்னாடியே கிடைக்காதா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொன்றிலும் 20,000 வரவு எழுதி, ஆறு மாத வட்டி நூற்றுக்கு 6 என்று போட்டுப் பார்த்தேன். அப்போதும் கடைசியில் 2,345 கடன் நிற்கிறது.

ஆகவே இப்படியே இறங்க வேண்டாம். பழைய கம்பு கிடைத்துப் பந்தல் செலவு 96,000-க்குள் அடங்கினால் கடன் அடைபடும். ஆனால் கையில் ஒன்றும் நிற்காது. கம்பு தாங்குமானால் நான்காம் ஆண்டுக்கும் குத்தகையை இப்போதே பேசி முடிப்பது மேல். அந்த ஆண்டு வரவில் மீதிக் கடன் தீர்ந்து 33,000-க்கு மேல் நிற்கும்.

மானியம் கேட்டிருந்தால் அதையும் கோட்டில் எழுதுங்கள். ஆனால் 0-இல் எழுதாதீர்கள். வேலை முடிந்து, பார்வையிட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறும் மாதம் எதுவோ, அங்கே எழுதுங்கள்.