புள்ளி தொலையாமல் பக்கத்தைப் படமாக்க...

அன்னவாசல் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் குடுமியான்மலைக்கு அழைத்துப் போகும் முன், அங்கே உள்ள இசைக் கல்வெட்டைப் பற்றி வகுப்பில் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும். கல்வெட்டின் மைப்படியை முழுப்பக்கப் படமாக அச்சிட்ட ஒரு பழைய புத்தகத்தின் ஸ்கேன் அவரிடம் பிடிஎஃப் ஆக இருக்கிறது. 'இணையத்தில் கிடைத்த ஒரு கன்வர்ட்டரில் போட்டுப் படமாக்கினேன். ஸ்லைடில் வைத்தால் எழுத்தெல்லாம் கரிக்கோடாகத் தெரிகிறது. 300 டிபிஐ, 600 டிபிஐ என்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஃபைல்தான் பூதமாக வீங்குகிறது. என்ன செய்ய?' என்பது கேள்வி.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், 38 வரிகளில் ஏழு பகுதிகளாக ஸ்வரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பி.ஆர். பண்டார்கர் இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 'எபிகிராபியா இண்டிகா'வின் 1913-14க்கான 12-ஆம் தொகுதியில் வெளிவந்தது. இந்தக் கல்வெட்டில் ஒரு விசேஷம் உண்டு. சில எழுத்துகளின் தலையில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அவை எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆக, இங்கே படம் 'அழகாக' வருவது முக்கியமில்லை. கல்லில் இருக்கிற புள்ளி திரையில் தொலையக் கூடாது. இல்லாத புள்ளி புதிதாக முளைக்கவும் கூடாது.

முதலில் இந்த டிபிஐ குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. காகிதத்தில் அச்சடிக்கும்போது அங்குலத்துக்கு அர்த்தம் உண்டு. புரொஜெக்டருக்கும் செல்போனுக்கும் அங்குலம் தெரியாது. அவை கேட்பதெல்லாம் குறுக்கே எத்தனை பிக்சல், நெடுக்கே எத்தனை பிக்சல் என்பதுதான். பரவலாக இருக்கும் புரொஜெக்டர்கள் பலவும் அதிகபட்சம் 1920 x 1080 பிக்சல் காட்டும். நீங்கள் 5,000 பிக்சல் உயரத்தில் படம் கொடுத்தாலும் அது 1080-க்குள் சுருக்கித்தான் காட்டும்.

அப்படியானால் கன்வர்ட்டரில் டிபிஐ எதற்குக் கேட்கிறார்கள்? பிடிஎஃப் தன் பக்க அளவை 'பாயின்ட்' என்ற அலகில் எழுதி வைத்திருக்கும். 72 பாயின்ட் ஓர் அங்குலம். பக்கத்தின் அங்குலத்தை நீங்கள் கொடுக்கும் டிபிஐயால் பெருக்கினால் பிக்சல் வந்துவிடும். ஏ4 பக்கத்தின் அகலம் 8.27 அங்குலம், 150 டிபிஐ கொடுத்தால் 1,240 பிக்சல். கணக்கு சுலபம்தான். ஆனால் பக்க அளவு சரியாக எழுதப்பட்டிருந்தால்தான் இது பலிக்கும். ஸ்கேன் செய்த புத்தகங்களில் அங்கேதான் கோளாறு.

ஆசிரியை அனுப்பிய ஃபைலைச் சோதித்தேன். பாப்ளர் என்ற இலவசக் கருவித் தொகுப்பு இதற்கு அருமையானது. பள்ளிக் கம்ப்யூட்டரில் உபுண்டுவோ பாஸ் லினக்ஸோ இருந்தால் `poppler-utils` என்ற பெயரில் நிறுவிக்கொள்ளலாம். மைப்படி இருப்பது ஃபைலின் 57-ஆவது பக்கம். (புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணை நம்பாதீர்கள். அட்டை, முன்னுரை எல்லாம் சேர்த்து ஃபைல் எண்ணுவது தனிக் கணக்கு.)

```
pdfinfo -f 57 -l 57 isai.pdf
pdfimages -list -f 57 -l 57 isai.pdf
```

முதல் கட்டளை பக்க அளவைச் சொல்லும். 1800 x 2400 பாயின்ட் என்று வந்தது. 72-ஆல் வகுத்துப் பாருங்கள்: 25 அங்குல அகலம், 33 அங்குலத்துக்கு மேல் உயரம். செய்தித்தாளைவிடப் பெரிய புத்தகமா இது? இல்லை. ஸ்கேன் செய்தவரின் மென்பொருள் ஒரு பிக்சலை ஒரு பாயின்ட் என்று எழுதிவிட்டது. இந்தப் பக்கத்துக்கு 300 டிபிஐ கொடுத்தால் 7,500 x 10,000 பிக்சல் படம் வரும். பூதம் வந்த வழி இதுதான்.

இரண்டாவது கட்டளைதான் முக்கியமானது. பக்கத்துக்குள் ஒட்டியிருக்கும் நிஜப் படத்தின் அகலமும் உயரமும் அதில் தெரியும். இங்கே அதுவும் 1800 x 2400 பிக்சல். அதாவது, ஸ்கேனர் பிடித்து வைத்த விவரம் அவ்வளவுதான். அதற்கு மேல் எத்தனை டிபிஐ கொடுத்தாலும் கருவி இருக்கிற பிக்சலை இழுத்து நீட்டுமே தவிர, புதிதாக ஒரு விவரமும் தராது. மோரில் தண்ணீர் ஊற்றினால் மோர் கூடுமா? ஆகவே எந்தப் பிடிஎஃப் ஆனாலும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். அதுதான் உச்சவரம்பு. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து உருவாக்கிய பிடிஎஃப்புக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது. அதில் எழுத்து கோடுகளாக இருக்கிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது.

சரி, பூதத்தைச் சுருக்கியாயிற்று. ஸ்லைடில் ஏன் கரிக்கோடாகத் தெரிந்தது? 38 வரியும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. ஓரம் போக, 2,400 பிக்சல் உயரத்தில் ஒரு வரிக்குச் சுமார் 60 பிக்சல் கிடைக்கும். அதில் ஒரு புள்ளி நாலைந்து பிக்சல். முழுப் பக்கத்தையும் ஸ்லைடின் 1,080 பிக்சல் உயரத்துக்குள் அடைத்தால் ஒரு வரிக்கு 27 பிக்சல்தான். புள்ளி இரண்டு பிக்சலாகிச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். நெடுக்குவாட்டுப் பக்கத்தைக் குறுக்குவாட்டுத் திரையில் வைத்தால் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடக்கும்; நடுவில் 810 பிக்சல் அகலத்தில் கல்வெட்டு நெரிபடும். எந்த ரெசல்யூஷனும் இதற்கு மருந்தில்லை. பக்கத்தை வெட்டிக் காட்டுவது ஒன்றே வழி.

பக்கத்தின் முழு அகலம் 1,800 பிக்சல். ஸ்லைடின் 16:9 விகிதத்துக்கு அதன் உயரம் 1,012. இந்த அளவில் ஒரு துண்டு எடுத்தால் பதினாறு வரி போலக் கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலும் நீட்டாமல் குறுக்காமல் அப்படியே வரும்.

```
pdftoppm -r 72 -f 57 -l 57 -x 0 -y 60 -W 1800 -H 1012 -png isai.pdf thundu1
```

`-r 72` எதற்கு என்றால், இந்த ஃபைலில் ஒரு பாயின்ட் ஒரு பிக்சல் என்று பார்த்தோமே, அதனால். உங்கள் ஃபைலுக்கு `pdfimages` பட்டியலில் `x-ppi` என்ற தலைப்பின் கீழ் வரும் எண்ணை இங்கே போடுங்கள். `-y 60` என்பது மேலிருந்து எத்தனை பிக்சல் தள்ளித் தொடங்குவது என்பது. அடுத்த இரண்டு துண்டுக்கு 700, 1340 என்று மாற்றி, கடைசியில் உள்ள பெயரையும் `thundu2`, `thundu3` என்று மாற்றினால் மூன்று ஸ்லைடில் கல்வெட்டு முழுவதும் அடங்கும். அடுத்தடுத்த துண்டுகளில் ஆறு வரி திரும்ப வருவது வேண்டுமென்றேதான். வரி பாதியில் அறுபடாது, பிள்ளைகளுக்கும் தொடர்ச்சி புரியும். முழுப் பக்கத்தையும் முதல் ஸ்லைடில் ஒருமுறை காட்டிவிடுங்கள், படிப்பதற்காக அல்ல, இடம் தெரிவதற்காக.

கட்டளை என்றாலே கை நடுங்குபவர்கள் விண்டோஸில் கிம்ப் மென்பொருளில் பிடிஎஃப்பைத் திறக்கலாம். எந்தப் பக்கம், எத்தனை பிக்சல் அகலம் என்று அதுவே கேட்கும். 1800 என்று கொடுத்துத் திறந்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். பலன் ஒன்றுதான்.

கட்டளையில் `-png` என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜேபெக் படம் பக்கத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது நினைக்கும் விவரத்தைத் தூக்கி எறியும். முகத்துக்கும் வானத்துக்கும் அது சரி. கறுப்பும் வெளுப்பும் பளிச்சென்று மோதும் எழுத்தோரத்தில், எறிந்த விவரத்துக்குப் பதிலாகப் பொடிப்பொடியாக அழுக்குத் திட்டு முளைக்கும். நாலைந்து பிக்சல் புள்ளியும் அந்தத் திட்டும் அடுத்தடுத்து இருந்தால் எது கல்லில் உள்ளது, எது ஜேபெக் போட்டது என்று யார் சொல்வது? பிஎன்ஜி எதையும் எறியாது. ஃபைல் கனக்கும்தான்; கட்டளையில் `-gray` சேர்த்தால் பழுப்புக் காகித நிறம் போய்க் கனமும் நன்றாகக் குறையும். மைப்படிக்கு நிறம் தேவையில்லை.

பள்ளியின் இணையப் பக்கத்திலும் இதைப் போட வேண்டும் என்றார் ஆசிரியை. அங்கே நியாயம் வேறு. படத்தைப் பெரும்பாலோர் செல்போனில் பார்ப்பார்கள்; டேட்டா அவர்கள் காசு. முழுப் பக்கத்தையும் 1,200 பிக்சல் அகலத்தில் கொடுத்தால் போதும். இங்கே டிபிஐயே வேண்டாம், அகலத்தை நேராகச் சொல்லிவிடலாம்:

```
pdftoppm -f 57 -l 57 -scale-to-x 1200 -scale-to-y -1 -gray -jpeg -jpegopt quality=85 isai.pdf valai
```

`-1` என்பது உயரத்தை விகிதப்படி நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். இது பார்வைக்கான படம். புள்ளியைத் தேடுபவருக்காகக் கீழேயே பிஎன்ஜி துண்டுகளுக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். படமாக்கிய பக்கத்தில் தேடினால் எந்தச் சொல்லும் அகப்படாது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது வெறும் படம்தான். அதனால் கல்வெட்டின் பெயரையும் இடத்தையும் படத்துக்குக் கீழே எழுத்தாகவே தட்டச்சு செய்து வையுங்கள்.

படம் தயாரானதும் ஒரு சோதனை செய்யுங்கள். புள்ளி உள்ள ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பிடிஎஃப்பில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அதே எழுத்தைப் படத்திலும் பாருங்கள். பிடிஎஃப்பில் இருந்து படத்தில் இல்லையென்றால் தவறு மாற்றத்தில். பிடிஎஃப்பிலேயே குழம்பிக் கிடந்தால் அந்த ஃபைலோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்து எடுத்த பிடிஎஃப்களில் இது சகஜம். கனம் குறைக்க, பக்கத்தை எழுத்து ஓர் அடுக்கு, பின்னணி ஓர் அடுக்கு என்று பிரித்து, பின்னணியை மங்கலாக்கிவிடுவார்கள். மைப்படி போன்ற படம் பெரும்பாலும் பின்னணியில் மாட்டிக்கொள்ளும். `pdfimages -list` ஒரே பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி காட்டினால் விஷயம் அதுதான். அதே தளத்தில், பதிவிறக்கப் பட்டியலில் பல புத்தகங்களுக்கு `JP2` என்ற பெயரில் பக்கப் படங்களே தனியாக இருக்கும். கனமான ஃபைல்தான், ஆனாலும் அதிலிருந்து எடுங்கள்.

ஒன்று மறந்துவிடப் போகிறேன். இவ்வளவும் செய்து முடித்துவிட்டு, வீட்டிலிருந்து பள்ளிக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாதீர்கள். அது தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், இல்லை பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.